ரெஸ்யூமேயைத் தொடும் முன்னால் விளம்பர வரிகளைப் பிரித்துவிடுங்கள்

வணக்கம் மக்களே. போன வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் ஆள் எடுக்க உதவிக்குப் போயிருந்தேன். 40 ரெஸ்யூமே வந்திருந்தது. முதலாளி ஒரு தாளில் கட்டம் போட்டு, விளம்பரத்தில் இருந்த 12 வரிக்கும் வரிக்கு ஒரு மார்க் என்று டிக் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன், அப்புறம் என்ன செய்தோம் என்பதுதான் இன்றைக்கு.

அந்த 12 வரி இவைதான்: பி.காம், டாலி அனுபவம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், இ-வே பில், பேங்க் கணக்கு ஒத்துப் பார்ப்பது, ஏற்றுமதி டாக்குமென்ட், எக்செல், இந்தி, இங்கிலீஷ், சொந்த டூ வீலர், 10 கிலோமீட்டருக்குள் வீடு. எல்லாமே ஒரே அளவு எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. படிக்கிறவருக்கு டூ வீலரும் ஜிஎஸ்டியும் ஒரே கனம்தான், டிக் அடிக்கிறவருக்கும் அப்படியே.

அதுவரை டிக் அடித்ததில் முதலில் மேலே வந்தவருக்கு 9 மார்க். பி.காம் இருக்கிறது, டாலி தெரியும், பேங்க் வேலை செய்திருக்கிறார், டிடிஎஸ் கோர்ஸ் முடித்திருக்கிறார், எக்செல், இந்தி, இங்கிலீஷ், வண்டி, பக்கத்திலேயே வீடு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒன்றுகூடப் போட்டதில்லை. இன்னொருவருக்கு 6தான். டிகிரி கிடையாது, ஆனால் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருந்துகொண்டு மாதாமாதம் பல பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டவர். கூட்டிப் பார்த்தால் இவர் பின்னால் போய்விடுகிறார். இந்தியும் வண்டியும் சேர்ந்து ஜிஎஸ்டி இல்லாத ஓட்டையை அடைத்துவிட்டன. வரிகளைப் பிரிக்காமல் மார்க் போட்டால் நடக்கிறது இதுதான், வேண்டவே வேண்டும் என்கிற ஒன்று இல்லாததை இருந்தால் நல்லது என்கிற நாலு சேர்ந்து மறைத்துவிடும்.

சரி, எப்படிப் பிரிப்பது? "இது முக்கியமா?" என்று முதலாளியிடம் கேட்டால் பயனில்லை, எல்லாமே முக்கியம் என்றுதான் சொல்வார், அவர் எழுதின வரிகள்தானே. நான் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேட்டேன். இது தெரியாத ஆள் வந்தால் முதல் மாதம் எந்த வேலை நிற்கும்? நின்றால், உள்ளே இருக்கிற யாராவது நாலு வாரத்துக்குள் சொல்லிக் கொடுக்க முடியுமா?

ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்ற வரிக்கு முதலாளி யோசிக்கவே இல்லை. இவர்கள் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள், விற்ற பில்களைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். அது தப்பினால், சரக்கு வாங்கினவர்களுக்கு எந்தெந்த பில்லுக்கு வரி கிரெடிட் உண்டு என்று காட்ட 14ஆம் தேதி உருவாகிற ஜிஎஸ்டிஆர்-2பியில் இவர்களின் பில் வராது. "தம்பி, பில் காட்டலைன்னா பார்ட்டி பணத்தைப் பிடிச்சு வெச்சுக்கறாங்க" என்றார். பழைய ஆள் போனதிலிருந்து உள்ளே யாருக்கும் இது தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. ஆக இது கட்டாயம். டாலியும் பேங்க் கணக்கும் அதே காரணத்துக்காகக் கட்டாயத்தில் வந்தன.

டிடிஎஸ் வேலையை ஆடிட்டர் ஆபீஸ்தான் பார்க்கிறது, ஏற்றுமதிப் பேப்பர்களை கிளியரிங் ஏஜென்ட் பார்க்கிறார். தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான். இ-வே பில்லைத்தான் அவர் கட்டாயத்தில் வைக்கச் சொன்னார், ஏனென்றால் அது இல்லாமல் வண்டி கிளம்பாது. ஆனால் டிஸ்பேட்சில் இருக்கிற பையன் தினமும் அதைப் போடுகிறான், இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவான். முதல் கேள்வியில் பாஸ் ஆகிற வரி இரண்டாவது கேள்வியில் இறங்கிவிடும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். வேலை முக்கியம் என்பது வேறு, வருகிறவருக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு.

பி.காம் வரியில்தான் கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. டிகிரி எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், "கணக்கு புரிஞ்சிருக்கணும், தனியா மாசக் கணக்கை முடிக்கணும்" என்று வந்து நின்றார். அப்படியானால் அதையே எழுதலாமே. டிகிரியை அடித்துவிட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்ற வரியை "குறைந்தது 12 மாதம் ஜிஎஸ்டிஆர்-1 தனியாகத் தயாரித்திருக்க வேண்டும்" என்று மாற்றினோம். டூ வீலர் வரி, பேங்குக்கு நேரில் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து அப்படியே காப்பி ஆகி வந்தது, அதையும் எடுத்தோம். 10 கிலோமீட்டரும் போனது. கடைசியில் 3 கட்டாயம், 6 இருந்தால் நல்லது, 3 நீக்கம்.

கட்டாயப் பட்டியல் ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கட்டாயத்தையும் பத்தில் 7 பேர் தாண்டுவார்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று வைத்துக்கொள்வோம். 3 கட்டாயம் என்றால் 40 பேரில் ஏறக்குறைய 14 பேர் மிஞ்சுவார்கள். 8 கட்டாயம் என்றால் 2 பேர்தான். அப்போது என்ன ஆகும் என்றால், யாரும் தேறவில்லையே என்று எடுக்கிறவரே நடுவில் ஒவ்வொரு கட்டாயமாகத் தளர்த்துவார், அதுவும் பிடித்த ரெஸ்யூமேக்கு ஏற்ற மாதிரி.

ரெஸ்யூமேயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்வதும் இதனால்தான். யூல்மன், கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். போலீஸ் தலைமைப் பதவிக்கு வந்த விண்ணப்பம் என்று ஆளுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள், சிலருக்கு ஆண் பெயரில், சிலருக்குப் பெண் பெயரில். சில விண்ணப்பத்தில் களத்து அனுபவம், சிலவற்றில் படிப்பு. ஆணிடம் எது இருந்ததோ, அதுதான் இந்த வேலைக்கு முக்கியம் என்று மதிப்பிட்டவர்கள் சொன்னார்கள். விண்ணப்பதாரரைப் பார்க்கும் முன்பே எது முக்கியம் என்று எழுதி வைக்கச் சொன்னபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. அதனால் பிரித்த தாளில் தேதி போட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் ரெஸ்யூமே. கட்டாய வரிகளுக்கு மார்க்கே கிடையாது. இருக்கிறது, இல்லை, தெரியவில்லை, இந்த மூன்றில் ஒன்று. ஒரு "இல்லை" வந்தாலும் அந்த ரெஸ்யூமே தனியே போய்விடும், 9 மார்க் வாங்கினவரும் இப்படித்தான் போனார். எல்லாம் தாண்டினவர்களுக்கு மட்டும் அந்த 6 வரியில் மார்க், அதிலும் எக்செலுக்கு 2, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

"தெரியவில்லை" என்பதைத் தயவுசெய்து "இல்லை" ஆக்கிவிடாதீர்கள். நம் ஊரில் பாதி ரெஸ்யூமேயில் "ஜிஎஸ்டி வேலை" என்று இரண்டு வார்த்தைதான் இருக்கும், அது பில் அடித்ததாகவும் இருக்கலாம், முழு ரிட்டர்னாகவும் இருக்கலாம். அப்படி 7 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்டோம்: நீங்கள் வாங்கின சரக்கின் பில் 2பியில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? செய்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், சப்ளையரைக் கூப்பிட்டு அவர் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றினாரா, நம் ஜிஎஸ்டி நம்பரைச் சரியாகப் போட்டாரா என்று பார்ப்போம், அது வரும்வரை அந்த கிரெடிட்டை எடுக்க மாட்டோம் என்று. 7 பேரில் 3 பேர் அப்படிச் சொன்னார்கள். அவர்களும், அந்த 6 மார்க்காரரும் சேர்த்து மொத்தம் 11 பேர் வருகிற திங்கட்கிழமை நேரில் வருகிறார்கள்.