கருப்புல எடுத்த வெடி போட்டோவுக்கு பேக்ரவுண்ட் எடுக்கிறது: ஸ்கிரீன் மோட் எதுவரைக்கும் போகும்?

கேள்வி: "அண்ணா, தீபாவளிக்கு மொட்டை மாடியிலேர்ந்து எடுத்த வாணவேடிக்கை போட்டோ. போட்டோஷாப்ல கருநீல பேக்ரவுண்ட் மேல வெச்சு ஸ்கிரீன் மோட் கொடுத்தா கருப்பு சுத்தமா போயிடுது. ஆனா அந்த லேயரை மட்டும் பிஎன்ஜியா சேவ் பண்ணா கருப்பு திரும்ப வந்துடுது. கிரீம் கலர் மேல வெச்சா வெடியையே காணோம். என்ன தப்பு பண்றேன்?"

நீங்க தப்பு எதுவும் பண்ணலைங்க. ஸ்கிரீன் மோட் கருப்பை எடுக்கிற வேலையைச் செய்யவே இல்ல. அது மேல இருக்கிற படத்தோட வெளிச்சத்தைக் கீழ இருக்கிற படத்தோட சேர்க்குது, அவ்வளவுதான். கருப்புன்னா வெளிச்சம் பூஜ்யம். பூஜ்யத்தைச் சேர்த்தா கீழ இருக்கிறது அப்படியே இருக்கும், அதனால கருப்பு போன மாதிரி தெரியுது. லேயருக்குள்ள கருப்பு பிக்சல் பத்திரமா உட்கார்ந்துதான் இருக்கு. ஃபைலா சேவ் பண்ணும்போது பிஎன்ஜிக்கு ப்ளெண்ட் மோட்ங்கிற விஷயமே தெரியாது, பிக்சலை மட்டும் எழுதிட்டுப் போயிடும்.

கிரீம் மேல ஏன் காணாமப் போகுதுன்னு ஒரே ஒரு பிக்சலை வெச்சுப் பார்ப்போம். வெடியோட ஓரத்துல ஆரஞ்சா ஒரு மினுக்கம் இருக்கும் பாருங்க, அதுல ஒரு புள்ளி. R 120, G 60, B 12ன்னு வெச்சுக்கோங்க. உங்க கிரீம் 250, 240, 220. ஸ்கிரீன் போட்டா வர்றது 252, 244, 222. கிரீமுக்கும் இதுக்கும் வித்தியாசத்தை யாராலயும் கண்ணால சொல்ல முடியாது. ஏற்கெனவே வெளிச்சமா இருக்கிற இடத்துல இன்னும் வெளிச்சம் சேர்க்க இடமில்ல. ஒப்பாசிட்டியை ஏத்துறது, லேயரை டூப்ளிகேட் பண்றது எதுவும் இதுக்கு மருந்து கிடையாது.

அப்போ உங்களுக்கு வேண்டியது உண்மையான ட்ரான்ஸ்பரன்சி. அதாவது ஆல்ஃபா. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. சேனல்ஸ் பேனல்ல `RGB` மேல கன்ட்ரோல் பிடிச்சு க்ளிக் பண்ணி, வெளிச்சத்தை செலக்‌ஷனா எடுத்து, மாஸ்க் போட்டுடுவாங்க. கருப்பு போயிடும், உண்மைதான். ஆனா வெடி அழுக்கா, செத்துப்போன மாதிரி தெரியும். சிவப்பு வெடியும் நீல வெடியும்தான் ரொம்ப அடிவாங்கும்.

அதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. முதல் காரணம், அந்த செலக்‌ஷன் பொதுவான பிரகாசத்தை எடுக்குது. அதுல பச்சைக்கு சுமார் 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11தான் மதிப்பு. பளிச்சுன்னு எரியற சுத்த நீலப் பொறிக்கு 11 சதவீத ஆல்ஃபா கிடைச்சா அது எங்க தெரியப்போகுது? ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். அந்த பிக்சல் ஏற்கெனவே இருட்டாத்தான் இருக்கு, ஏன்னா அதுல கருப்பு கலந்திருக்கு. அதை அப்படியே வெச்சுக்கிட்டு ஆல்ஃபாவையும் குறைச்சா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கழிச்ச மாதிரி ஆகுது.

நம்ம 120, 60, 12 புள்ளிக்கே வாங்க. அதோட பிரகாசம் சுமார் 28 சதவீதம். அந்த மாஸ்க்கோட கிரீம் மேல வெச்சா 213, 189, 161 வரும். பாத்தீங்கன்னா மங்கலான மண் கலர், வெடிச்சத்தமே இல்லாத வெடி. சரியான வழி என்னன்னா, மூணு எண்ல எது பெருசோ அதையே ஆல்ஃபாவா எடுக்கணும். இங்க 120, அதாவது 47 சதவீதம். அப்புறம் கலரை அந்த ஆல்ஃபாவால வகுத்து, கருப்பு கலக்காத அசல் கலருக்குத் திரும்பக் கொண்டுபோகணும். அப்போ அது 255, 128, 26 ஆகும், நல்ல காரமான ஆரஞ்சு. இப்போ கிரீம் மேல வெச்சா 252, 187, 129. இது ஆரஞ்சு மினுக்கம்னு பார்த்ததுமே தெரியும். இதையே கருப்பு மேல வெச்சா பழையபடி 120, 60, 12 வந்துடும்.

கிம்ப் வெச்சிருக்கிறவங்களுக்கு வேலை ரொம்ப சுலபம். `Colors > Color to Alpha` இந்தக் கணக்கைத்தான் போடுது. அங்க கலர் வெள்ளையா இருக்கும், அதைக் கருப்பா மாத்துங்க, அவ்வளவுதான்.

போட்டோஷாப்ல அப்படி ஒரு பட்டன் இல்ல, ஆனா கையால கிட்டத்தட்ட அதையே பண்ணலாம். மூணு சேனலோட ஆல்ஃபாவும் சேர்றதால மேல சொன்ன கணக்கைவிட ஆல்ஃபா கூடுதலா வரும், கிரீம் மேல கலர் இன்னும் அடர்த்தியா தெரியும். கருப்பு மேல வெச்சா ஒரிஜினல் அப்படியே வந்துடும். படம் RGB மோட்ல இருக்கட்டும். சேனல்ஸ் பேனல்ல `Red` சேனலோட சின்னப் படத்து மேல கன்ட்ரோல் க்ளிக் பண்ணி செலக்‌ஷன் எடுங்க. பாதிக்கு மேல செலக்ட் ஆன பிக்சல் எதுவும் இல்லைன்னு ஒரு எச்சரிக்கை வந்தாலும் பயப்படாதீங்க. எறும்பு ஊர்ற கோடு தெரியாதே தவிர செலக்‌ஷன் இருக்கு. அதோட லேயர்ஸ் பேனலுக்கு வந்து `Solid Color` லேயர் ஒண்ணு போட்டு 255, 0, 0 கொடுங்க. செலக்‌ஷன் தானா மாஸ்க் ஆயிடும். இப்போ அந்த சிவப்பு லேயரோட கண்ணை மூடுங்க. இதை மறந்தா எல்லாம் கெட்டுச்சு, ஏன்னா சேனல்ஸ் பேனல் அந்த நேரத்துல திரையில என்ன தெரியுதோ அதைத்தான் காட்டும். மூடின பிறகு `Green` சேனலை எடுத்து 0, 255, 0. அதையும் மூடிட்டு `Blue` எடுத்து 0, 0, 255.

இப்போ ஒரிஜினலை மூடிட்டு மூணு லேயரையும் திறங்க. அடியில இருக்கிறதை `Normal`லயே விட்டுட்டு, மேல ரெண்டுக்கும் `Screen` கொடுங்க. மூணையும் சேர்த்து செலக்ட் பண்ணி கன்ட்ரோல் E. கட்டம் போட்ட பின்னணியில வெடி மட்டும் நிக்கும். மெர்ஜ் ஆன லேயர் `Normal`ல இருக்கான்னு பாத்துக்கோங்க. சரியா வந்துச்சான்னு சோதிக்க, கீழ சுத்தக் கருப்பு லேயர் ஒண்ணு போட்டு, ஒரிஜினலோட மாத்தி மாத்திப் பாருங்க. வித்தியாசமே தெரியக்கூடாது. கலர் மாறித் தெரிஞ்சா அந்தக் கண்ணை எங்கேயோ மூடாம விட்டிருக்கீங்க.

ஒண்ணு சொல்லணும், இதுக்கும் ஸ்கிரீனுக்கும் முடிவு ஒரே மாதிரி இருக்காது. சுத்த சிவப்புப் பொறியை சுத்த நீலம் மேல ஸ்கிரீன்ல வெச்சா மெஜந்தா ஆயிடும். ஆல்ஃபா ஃபைல்ல சிவப்பு சிவப்பாவே இருக்கும். ராத்திரி வானத்துக்கு மேல ஸ்கிரீன்தான் கண்ணுக்கு இதமா இருக்கும், என்னைக் கேட்டா கருநீல டிசைனுக்கு நீங்க முதல்ல பண்ணதையே விட்டுடுங்க. அதை க்ரூப்ல போடறதா இருந்தா மட்டும் க்ரூப் `Pass Through`ல இருக்கணும். `Normal`னு மாத்தினா ஸ்கிரீன் க்ரூப்புக்குள்ளயே அடங்கி, கருப்பு டப்பா திரும்பித் தெரியும்.

அடுத்து, உங்க வானம் உண்மையில கருப்பா இருக்காது. தீபாவளி ராத்திரி சென்னையில புகையும் தெரு விளக்கும் சேர்ந்து வானமே சாம்பலாத்தான் இருக்கும். `Info` பேனலைத் திறந்து நாலு மூலையிலயும் மவுஸை வெச்சுப் பாருங்க. மேல 8, 10ன்னு இருந்தா கீழ கட்டடத்துக்கிட்ட 25, 30 கூட வரலாம். இது அப்படியே ஆல்ஃபாவுக்குள்ள போனா, வெடியைச் சுத்தி மெல்லிசா ஒரு செவ்வகத் திரை தெரியும். அதனால சேனலை எடுக்கிறதுக்கு முன்னாடியே `Levels`ல இடது பக்கக் கருப்பு முக்கோணத்தை வானத்தோட எண்ணுக்கு ரெண்டு மூணு மேல கொண்டுபோய் வெச்சிடுங்க. மேல 8, கீழ 28ன்னு இருந்தா மொத்தப் படத்துக்கும் 30 கொடுக்காதீங்க, பொறியோட வால் நுனியெல்லாம் வெட்டுப்பட்டுக் குச்சி மாதிரி ஆயிடும். மொத்தத்துக்கு 11 கொடுத்து, கீழ்ப்பாதிக்கு கிரேடியன்ட் மாஸ்க்கோட இன்னொரு லெவல்ஸ் போடுங்க.

இதைப் பின்னாடி பண்ணிக்கலாம்னு விட்டா இன்னொரு தொல்லை வரும். ஜேபெக்ல இருட்டுப் பகுதியில 6, 3, 0 மாதிரி சில்லறை எண்கள் நிறைய இருக்கும். வகுக்கும்போது அது 255, 128, 0ன்னு பளிச் கலரா மாறிடும். ஆல்ஃபா 2 சதவீதம்தாங்கிறதால சாதாரணமா தெரியாது. ஆனா பிறகு ஆல்ஃபாவை ஏத்தினாலோ, லேயரை நாலு காப்பி போட்டாலோ கலர் கலரா பொடி தூவின மாதிரி வந்து நிக்கும்.

இதே முறையில விளக்கு போட்டோவும் பண்ணலாமான்னு அடுத்து கேட்பீங்க. சுடருக்கும் அதைச் சுத்தின ஒளிவட்டத்துக்கும் அருமையா வரும், ஏன்னா ரெண்டும் வெறும் வெளிச்சம். விளக்கோட உடம்பு அப்படி இல்ல. குத்துவிளக்கோட நிழல் பக்கம் 20, 14, 6ன்னு இருந்தா அதுக்கு 8 சதவீத ஆல்ஃபாதான் கிடைக்கும், பித்தளைக்குள்ள பேக்ரவுண்ட் தெரிய ஆரம்பிச்சிடும். அதனால ரெண்டு லேயரா பிரிங்க. கீழ, விளக்கு உடம்பை மட்டும் பென் டூல்ல வெட்டி சாதாரண மாஸ்க். மேல, சுடரும் ஒளிவட்டமும் மட்டும் ஆல்ஃபா முறையில. உடம்போட மாஸ்க் திரி முகத்தோட நிக்கட்டும். சுடருக்குள்ள ஏறினா அங்க கருப்பு ஓரம் விழும்.

கிரீம் டிசைனுக்கு வருவோம். ஆல்ஃபா சரியா வந்தாலும், வெடியோட நடுவுல வெள்ளையா எரிஞ்ச பகுதி கிரீம் மேல தெரியாது. வெள்ளை மேல வெள்ளை, எந்த முறையாலயும் முடியாது. அதுக்குப் பின்னாடி மெரூன் கலர்ல மெத்துன்னு ஒரு ரேடியல் கிரேடியன்ட் போட்டா நடுப்பகுதி எடுத்துக் காட்டும். ஓரம் தானா கிரீமுக்குள்ள கரைஞ்சிடும்.

கஸ்டமருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்போது போட்டோவா அனுப்பாதீங்க, அது ஜேபெக் ஆக்கிடும், ஆல்ஃபா காலி. டாக்குமென்ட்டா அனுப்புங்க. திருவல்லிக்கேணி பக்கம் பிரிண்டிங்குக்குக் கொடுக்கிறதா இருந்தா, எல்லாத்தையும் RGBல சேர்த்து முடிச்சு ஃப்ளாட்டன் பண்ணின பிறகு CMYKக்கு மாத்துங்க. ஸ்கிரீன் லேயரைத் திறந்து வெச்சபடியே மோட் மாத்தினா கணக்கு மை அளவுல நடக்கும், கலர் வேற மாதிரி வரும்.