சீடை உருட்டும் விரல்கள்

வணக்கம் நேயர்களே.

பக்கத்தில் பேனா இருந்தால் எடுத்து, கிடைத்த தாளில் உங்கள் பெயரை ஒருமுறை எழுதிப் பாருங்கள். எழுத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் நீண்டு மடங்கி வேலை செய்யும். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி, தாளின்மேல் சாய்ந்து கிடக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு வட்டமான இடைவெளி தெரியும். இன்னொரு கை தாளை நகராமல் பிடித்திருக்கும்.

ஒரே கையில் பாதி உழைக்க, பாதி தாங்கி நிற்கும் இந்தப் பிரிவினை இரண்டு வயதுக் குழந்தையிடம் கிடையாது. கிரேயானைக் கொடுத்தால் ஐந்து விரலாலும் முஷ்டியாகப் பிடித்து, தோளிலிருந்து கையை ஆட்டிக் கிறுக்கும். அது குறையல்ல. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்க எட்டு, பத்து வயதுகூட ஆகிவிடும். பொதுவாக மூன்றரை, நான்கு வயதில்தான் மூன்று விரல் பிடிப்பு வருகிறது. விரல் மட்டும் அசைந்து எழுதுவது அதற்கும் பிறகு. எனவே இரண்டு வயதில் பென்சிலைத் திணித்து விரலை மடக்கித் திருத்துவதில் பயனில்லை. பென்சில் இல்லாத விளையாட்டில் அந்த விரல்களுக்கு வேலை கொடுக்கலாம். மாவு, இடுக்கி, கோர்ப்பது என்ற மூன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

முதலில் மாவு. இரண்டு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். முக்கால் கப் தண்ணீரை எடுத்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். உங்கள் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பல குழந்தைகள் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்ளும். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு பிடி மைதா சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாவு இறுகிப்போனாலும் தெரிந்துவிடும். குழந்தை எழுந்து நின்று உடம்பின் கனத்தைப் போட்டு அழுத்தும். அப்போது வேலை செய்வது தோள், விரல் அல்ல. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது என்றால் உப்பு மாவு வேண்டாம். அதை நிறையத் தின்றால் இரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறும். அந்தக் குழந்தைக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும். அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாம்.

மாவைக் கையில் கொடுத்துவிட்டு விட்டால், பெரும்பாலான குழந்தைகள் உள்ளங்கையால் தட்டும், குத்தும். அதுவும் நல்லதுதான், ஆனால் விரல் நுனிக்கு வேலை இல்லை. அளவை மாற்றுங்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டினால் இரு கையும் சேர்ந்து இயங்கப் பழகும். அதே மாவைச் சீடை அளவுக்குக் கிள்ளிக் கொடுத்தால் உள்ளங்கை உதவாது; கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்துதான் உருட்ட வேண்டும். நம் வீடுகளில் கிருஷ்ண ஜெயந்திக்கு முன்னால் நடக்கும் வேலை இதுவேதான். உருட்டியதை ஒரு விரலால் நடுவில் அழுத்திக் குழியாக்கச் சொல்லுங்கள், பிறகு குழியின் விளிம்பைச் சுற்றிலும் கிள்ளிக் கிண்ணமாக்கச் சொல்லுங்கள். கொழுக்கட்டைச் செப்பு செய்வது போல. அந்தக் கிள்ளுதல் ஒவ்வொன்றும் பேனா பிடிக்கும் அதே தசையைக் கேட்கிறது. பத்து நிமிடம் போதும். விரல் களைத்தால் குழந்தை மறுபடி உள்ளங்கைக்கே திரும்பும், அதுதான் நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

அடுத்தது இடுக்கி. கடையில் விற்கும் பொம்மை இடுக்கிகளில் பாதி குழந்தைக்கு உதவாதவை. வாங்குமுன் உங்கள் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் அழுத்திப் பாருங்கள். உங்களுக்கே அழுத்தமாகத் தெரிந்தால், குழந்தை முழு முஷ்டியால்தான் அதை மூடும். முதலில் சமையலறையில் இருக்கும் சிறிய, லேசான இடுக்கி, பிறகு அகலமான பிளாஸ்டிக் இடுக்கி, கடைசியில் விரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலான சின்ன இடுக்கி என்று போகலாம். எடுக்கும் பொருளுக்கும் வரிசை உண்டு. பஞ்சு உருண்டை நசுங்கி இடுக்கியோடு ஒட்டிக்கொள்ளும், அது எளிது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் புதிதாக வாங்கி மூன்று சென்டிமீட்டர் கட்டைகளாக வெட்டினால் அது அடுத்த படி. கோலிக்குண்டு வழுக்கும். அதை மூன்று வயதுக்கு முன் கொடுக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையிடம், சுமார் மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக நுழையும் கடினமான பொருள் எதையும் தராதீர்கள். தொண்டையை அடைக்கும். புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் போகும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள், அது கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. எந்த வயதானாலும் இவ்விரண்டும் விளையாட்டுக்கு ஆகாது. பஞ்சையும் ஸ்பாஞ்சையும்கூடப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

இடுக்கியில் எது பிசகும் என்பதை ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். மூன்று வயது என்று கொள்வோம். தட்டில் பத்து பஞ்சு உருண்டை, எதிரே முட்டை அட்டை. பிள்ளை இடுக்கியைக் கத்தியைப் போல் முஷ்டியால் பிடித்து அழுத்துகிறது, பஞ்சு வருகிறது. வேலை முடிந்தது என்று தோன்றும், ஆனால் பழக வேண்டியது பழகவில்லை. விரல்களுக்கு இடையே இருக்க வேண்டிய வட்ட இடைவெளி மூடிவிட்டது. முதலில் இடுக்கியை மாற்றிப் பாருங்கள், இன்னும் மெல்லியதாக. அப்படியும் முஷ்டி என்றால், ஒரு சிறு பஞ்சை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே வைத்து, "இந்தக் குட்டிப் பஞ்சு தூங்கட்டும், கீழே விழாம பாத்துக்கோ கண்ணா" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு விரலும் மடங்கியதும் இடுக்கி தானாக மற்ற மூன்று விரலுக்கு வந்துவிடும். விரலை நீங்கள் பிடித்து மடக்க வேண்டியதில்லை. பஞ்சு நழுவி விழுந்துகொண்டே இருந்தால் அந்த விரல்களுக்கு இன்னும் பலம் போதவில்லை என்று பொருள். ஒரு வாரம் மாவுக்குத் திரும்பிவிட்டுப் பிறகு வாருங்கள்.

அடுத்து அந்தக் குழந்தையின் மணிக்கட்டைப் பாருங்கள். கை உள்ளே மடங்கியிருந்தால் விரல்களுக்குப் பிடிப்பின் பலம் குறைந்துவிடும். தட்டு வயிற்றுக்கு அருகில் இருப்பதும் மேசை தாழ்ந்திருப்பதும் இதற்குப் பொதுவான காரணங்கள். முட்டை அட்டையை ஒரு பெட்டியின் மேல் வைத்து, முன்பக்கம் குழந்தையை நோக்கிச் சரியுமாறு வையுங்கள். கை மேலே தூக்கும்போது மணிக்கட்டு பின்னால் சாயும். எழுதும்போது வேண்டியதும் அந்த நிலைதான். பத்தில் ஏழு, எட்டு உருண்டை இப்படி நகர்ந்தால் போதும், அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

மூன்றாவது, மணி கோர்ப்பது. கடினமும் இதுதான், பெற்றோர் அவசரப்படுவதும் இதில்தான். நூலை ஒரு கை தள்ள வேண்டும், மணியை மற்றக் கை பிடிக்க வேண்டும், நூல் மறுபக்கம் எட்டிப் பார்த்தவுடன் கைகள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தில்தான் மணி கீழே விழுகிறது. பல நேரம் தவறு குழந்தையிடம் இல்லை, நூலில் இருக்கிறது. ஷூ நாடாவின் முனையிலுள்ள பிளாஸ்டிக் பகுதி இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. மணியின் துளை அதைவிட நீளமாக இருந்தால் முனை உள்ளேயே நின்றுவிடும், பிடித்து இழுக்க ஒன்றும் கிடைக்காது. அதனால் முனையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை செல்லோ டேப்பை இறுக்கமாகச் சுற்றி ஊசியைப் போல் விறைப்பாக்குங்கள். அடுத்த முனையில் ஒரு மணியை முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள், கோர்த்ததெல்லாம் வழுக்கி ஓடாது. நாடா 25 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கழுத்தில் சுற்றிவிடும் என்பது ஒன்று, நீளமான நாடாவை இழுப்பதற்கே கை ஓய்ந்துவிடும் என்பது இன்னொன்று.

இதற்கு முன்படிகளும் உண்டு. ஒரு மாவுக் கட்டியில் மழுங்கிய மரக்குச்சியைச் செங்குத்தாக நட்டு, பிளாஸ்டிக் வளையல்களைப் போடச் சொல்லலாம். கண்ணாடி வளையல் வேண்டாம். குச்சி அசையாததால் ஒரு கைக்கு மட்டும் வேலை. பிறகு குச்சியைக் குழந்தையின் கையில் கொடுத்தால் இரண்டு கையும் சேரும். அதற்குப் பிறகு உறிஞ்சு குழாயில் பெரிய மர மணி, கடைசியில் டேப் சுற்றிய நாடா. எங்கே தடுமாறுகிறதோ, அதற்கு முந்தைய படிக்குப் போய்விடுங்கள்.

இவையெல்லாம் கையைத் தயார் செய்யும், எழுத்தைக் கற்றுத் தராது. எழுத்து எழுதித்தான் வரும். அதனால் கூடவே கிறுக்கவும் விடுங்கள். சாக்பீஸையும் கிரேயானையும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டாக ஒடித்துக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது. மூன்று வயதைத் தாண்டிய குழந்தைக்குத்தான் இந்தத் துண்டுகள். பலகையைச் சுவரில் மாட்டுங்கள், மணிக்கட்டு தானே பின்னால் சாயும். குழந்தைகள் செங்குத்துக் கோட்டைச் சுமார் இரண்டு வயதிலும், வட்டத்தை மூன்றிலும், கூட்டல் குறியை நான்கிலும் பார்த்து வரைவார்கள். இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், சுழியும் வளைவுமான 'அ'வைவிட இரண்டே கோட்டில் முடியும் 'ட'வும், அதற்கு ஒரு கோடு கூடிய 'ப'வும் முதலில் எழுத எளிதானவை. அகர வரிசையை வாயால் சொல்லட்டும், கைக்கு வேறு வரிசை இருக்கலாம்.

சில அடையாளங்களைக் காத்திருந்து பார்க்க வேண்டாம். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்குவது, பதினைந்து மாதமாகியும் சிறு பொருளைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுக்காதது, முன்பு கையால் செய்து வந்ததை இப்போது செய்யாமல் விட்டுவிடுவது, இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்டால், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைப் பரிசோதித்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். போகும்போது, வீட்டில் குழந்தை எந்தக் கையால் தின்கிறது, எதை எந்த விரலால் எடுக்கிறது என்பதை இரண்டு நாள் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்விகளில் அவையும் இருக்கும்.

வணக்கம்.