தேர்வுக் காலத்தில் ஓர் ஆசிரியரின் விடுப்பு விண்ணப்பம்

நேயர்களுக்கு வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பொதுத் தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆசிரியர் ஒருவர் விடுப்புக் கேட்டால் என்ன நடக்கிறது, விதிகள் அவரை எந்த இடத்தில் தடுக்கின்றன, எந்த இடத்தில் தடுக்கவில்லை என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

ஆசிரியர் அறைகளில் ஆண்டுதோறும் கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "மார்ச் மாதத்தில் விடுப்பே கிடையாது" என்பதுதான் அது. அப்படி ஒரு விதி இல்லை. இருக்கும் விதி வேறு. விடுப்பை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்றும், பொதுப்பணியின் தேவை கருதி எந்த வகை விடுப்பையும் மறுக்கவோ, கொடுத்த விடுப்பைத் திரும்பப் பெறவோ அனுமதிக்கும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு என்றும் அடிப்படை விதிகளின் 67ஆம் விதி கூறுகிறது. இந்த விதி ஆண்டு முழுவதும் நடைமுறையில் இருப்பதுதான். ஆனால் ஜூலை மாதத்தில் பள்ளியின் தேவையைக் காட்டி மறுப்பதற்குக் காரணம் அதிகம் இராது. மார்ச் மாதத்தில் நிறைய இருக்கும். ஆகவே அந்தப் பருவத்தில் எழ வேண்டிய கேள்வி, இந்த ஆசிரியர் இந்த நாட்களில் இல்லாவிட்டால் எந்தப் பணி நின்றுபோகும், அதை வேறொருவரைக் கொண்டு செய்ய முடியுமா என்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். 2025ஆம் ஆண்டின் தேர்வு அட்டவணையையே எடுத்துக்கொள்கிறேன். அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 3ஆம் நாள் தொடங்கி 25ஆம் நாள் முடிந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28இல் தொடங்கி ஏப்ரல் 15 வரை நடந்தது. இயற்பியல் பாடம் நடத்தும் முதுகலை ஆசிரியை ஒருவர். அவருடைய தாயார் மார்ச் முதல் வாரத்தில் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. அறுவை சிகிச்சையை மார்ச் 10, திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்கிறார். உடன் இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. 10 முதல் 21 வரை பன்னிரண்டு நாட்கள் விடுப்பு வேண்டும். 22, 23 சனி, ஞாயிறு. 24ஆம் நாள் பணிக்குத் திரும்பிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அவருக்கு வேறொரு பள்ளியில் அறைக் கண்காணிப்பாளர் பணியும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

முதலில் யாருக்கும் நினைவுக்கு வருவது தற்செயல் விடுப்பு. ஆண்டுக்கு 12 நாட்கள் அதற்கு உண்டு. ஜனவரியில் கணக்குப் புதிதாகத் தொடங்குவதால் மார்ச் மாதத்தில் பெரும்பாலும் அது செலவழியாமல் இருக்கும். ஆனால் தற்செயல் விடுப்பையும் அதனோடு ஒட்டி வரும் விடுமுறைகளையும் சேர்த்துத் தொடர்ந்து பத்து நாட்களுக்கு மேல் பணிக்கு வராமல் இருக்கக் கூடாது. பத்து நாள் தற்செயல் விடுப்பில் இருந்துவிட்டு மீதியை வேறு வகை விடுப்பாக எழுதிக் கொடுக்கவும் முடியாது, ஏனெனில் தற்செயல் விடுப்போடு மற்ற விடுப்புகளை இணைப்பதற்கு இடமில்லை. எனவே இந்த ஆசிரியைக்கு அது உதவாது.

அடுத்ததாக வருவது மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு. நாம் பேச்சில் மருத்துவ விடுப்பு என்று சொல்வது இதைத்தான். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 540 நாட்கள் வரை இது கிடைக்கும் என்பதால், கையில் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இது ஆசிரியரின் சொந்த உடல்நலக் குறைவுக்கு மட்டுமே உரியது. தாயாருக்கு எலும்பு முறிந்ததற்காக மகள் மருத்துவ விடுப்பு எடுக்க முடியாது. இந்த இடத்தில்தான் நல்ல ஆசிரியர்கள் பலர் தவறான வழிக்குப் போகிறார்கள். "தாயாருக்கு என்று எழுதினால் கிடைக்காது, உங்களுக்கே காய்ச்சல் என்று சான்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்று உடன் பணியாற்றுபவர்களே நல்லெண்ணத்தோடு யோசனை சொல்வார்கள். சில தலைமை ஆசிரியர்களும் சொல்வது உண்டு என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த யோசனை ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தேர்வுக் காலத்தில் ஒரு மாவட்டத்தில் மருத்துவச் சான்றுகள் ஒரேயடியாகக் குவிந்தால் கல்வி அலுவலர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. சான்றோடு விண்ணப்பித்த ஆசிரியரை மருத்துவக் குழுவின் முன் நிறுத்தி இரண்டாவது கருத்துப் பெற அனுமதிக்கும் அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. அப்போது நோய் இல்லை என்று தெரிந்தால், விடுப்பு மறுக்கப்படுவதோடு நின்றுவிடாது. பொய்யான சான்று கொடுத்த குற்றத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஆ) பிரிவின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரலாம். அது நிலுவையில் இருக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறுவது கடினம். இதைவிட எனக்கு வேதனை தருவது மற்றொன்று. உண்மையிலேயே காய்ச்சலில் படுத்திருக்கும் ஆசிரியர்மீதும் அந்த ஐயம் விழுகிறது. காமாலையோடு மருத்துவக் குழுவின் முன் வரிசையில் நிற்க நேர்ந்தவர்களை நான் அறிவேன்.

ஆக, நம் ஆசிரியைக்குப் பொருந்துவது ஈட்டிய விடுப்புதான். கோடை விடுமுறை உள்ள துறை என்பதால் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 17 நாட்கள்தான் இது கணக்கில் சேரும், ஆனால் சேர்த்துவைத்துக்கொள்ளலாம். பல ஆண்டு பணி முடித்தவருக்குப் பன்னிரண்டு நாள் எடுக்கக் கணக்கில் இருப்பு நிச்சயம் இருக்கும். 10 முதல் 21 வரை ஈட்டிய விடுப்பு என்றும், முன்னால் வரும் 8, 9 ஆகிய நாட்களையும் பின்னால் வரும் 22, 23 ஆகிய நாட்களையும் விடுமுறையாக இணைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் அவர் எழுத வேண்டும். இடையில் வரும் 16ஆம் நாள் ஞாயிறு, விடுப்புக் கணக்கிலேயே கழியும். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதாமல், தாயாரின் அறுவை சிகிச்சை என்று எழுதி, மருத்துவமனை கொடுத்த சேர்க்கைச் சீட்டின் நகலையும் இணைக்க வேண்டும். அலுவலர் தம் மேசையில் உள்ள பத்து விண்ணப்பங்களுள் எதை மறுப்பது என்று பார்க்கும்போது, "சொந்த வேலை" என்று எழுதியவை முதலில் மறுக்கப்படும்.

விடுப்பு விண்ணப்பம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. விடுப்பு வேறு, தேர்வுப் பணியிலிருந்து விலக்கு வேறு. விடுப்பு விண்ணப்பம் தலைமை ஆசிரியரிடம் போகிறது. தேர்வுப் பணி ஆணையோ, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வழிகாட்டுதலின்படி மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது. தலைமை ஆசிரியர் விடுப்புக்கு இசைந்தாலும், அந்த ஆணை தானாக நீங்கிவிடாது. தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் கையில் உள்ள பட்டியலில் அவருடைய பெயர் இருந்துகொண்டே இருக்கும். அன்று காலையில் அவர் வராவிட்டால் "பணிக்கு வரவில்லை" என்று குறிக்கப்படும். ஆகவே விலக்கு வேண்டி மற்றொரு விண்ணப்பத்தை, பணி ஆணையின் நகலோடு, தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அதன் நகல் ஒன்றைத் தேர்வு மையத்துக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

விலக்கு கிடைக்குமா என்பது எந்தப் பணி என்பதைப் பொறுத்தது. ஓர் அறையில் 20 மாணவர்கள், அவர்களுக்கு ஓர் அறைக் கண்காணிப்பாளர் என்பது ஏற்பாடு. அந்தப் பணிக்குப் பாடத் தேர்ச்சி தேவையில்லை. சொல்லப்போனால், அன்று தேர்வு நடக்கும் பாடத்தின் ஆசிரியரை அன்றைக்குக் கண்காணிப்பில் போடுவதே இல்லை. இருப்பில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடலாம். எனவே இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லும் ஓர் அறைக் கண்காணிப்பாளரை விடுவிப்பது மாவட்ட அலுவலகத்துக்குப் பெரிய இடர்ப்பாடு அன்று. முதன்மைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர் ஆகியோர் நிலை அப்படியன்று. வினாத்தாள் கட்டுகளுக்குப் பொறுப்பேற்றவரை நடுவில் மாற்றுவது எளிதில்லை. ஏப்ரலில் நடக்கும் விடைத்தாள் திருத்தும் முகாம் இன்னும் கடினம். இயற்பியல் விடைத்தாளை இயற்பியல் ஆசிரியர்தான் திருத்த முடியும். மாவட்டத்தில் அவர்கள் எண்ணிக்கை அளவானது. ஒருவர் குறைந்தால் அவர் பங்குத் தாள்கள் மற்றவர்களின் கட்டுகளில் ஏறும். ஆகையால் நம் ஆசிரியை தம் விண்ணப்பத்தில், "24ஆம் நாள் முதல் ஒதுக்கப்படும் தேர்வுப் பணியையும் திருத்தும் பணியையும் தவறாமல் மேற்கொள்வேன்" என்று ஒரு வரி சேர்த்தால், அது அலுவலரின் முடிவைப் பெரிதும் எளிதாக்கும். அந்த வரியை எழுதும்படி என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மகப்பேறு விடுப்பைப் பற்றி ஒரு சொல். அதைத் தேர்வுக் காலம் என்று காட்டித் தள்ளிவைக்கச் சொல்வது முறையன்று. ஆனாலும் பெயர்ப் பட்டியல் பழையதாக இருப்பதால் விடுப்பில் உள்ளவர்களுக்கும் பணி ஆணை வந்துவிடும். பட்டியல் போகும்போதே அந்தப் பெயரை நீக்கி அனுப்புவது பள்ளி அலுவலகத்தின் கடமை.

தலைமை ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தயவுசெய்து வாய்மொழியாக மறுக்காதீர்கள். "இப்போது முடியாது, தேர்வு முடியட்டும்" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்த ஆசிரியர் விண்ணப்பித்ததற்கே சான்று இல்லாமல் போகிறது. மறுப்பதானால், எந்தப் பணியின் பொருட்டு மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் தாருங்கள். மறுக்கும் அதிகாரம் உண்டே தவிர, கேட்ட விடுப்பின் வகையை நாமாக மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. கணக்கில் ஈட்டிய விடுப்பு இருக்கும்போது, அதைக் கேட்டவரை ஊதியமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுக்கச் சொல்வது விதிக்குப் புறம்பானது. உங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றால், பரிந்துரையோடோ பரிந்துரை இல்லாமலோ அன்றைக்கே மேலே அனுப்புங்கள். அறுவை சிகிச்சை திங்கட்கிழமை என்றிருக்க, கடிதம் புதன்கிழமை வரை மேசையில் இருந்தால், அந்த ஆசிரியைக்கு அது மறுப்பேதான்.

எழுத்தில் மறுப்பு வந்துவிட்டால் ஆசிரியர் என்ன செய்யலாம்? அந்த ஆணையின் நகலை இணைத்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு மேல்முறையீடாக எழுதலாம். நேரிலும் போய்ப் பார்க்கலாம். முழு நாட்களும் கிடைக்காது என்றால், அறுவை சிகிச்சை நடக்கும் முதல் வாரத்துக்காவது விடுப்பும், அடுத்த வாரத்தில் வீட்டுக்கு அருகிலுள்ள மையத்தில் பணியும் கேட்கலாம். இப்படிக் கேட்டவர்களுக்குப் பணி மையம் மாற்றித் தரப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். முடிவு தெரியாமலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நெருக்கடி வந்தால், தேர்வு நாளன்று காலையிலேயே முதன்மைக் கண்காணிப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அன்றே எழுத்து வடிவிலும் கடிதம் சேர்க்க வேண்டும். தேர்வு 10 மணிக்குத் தொடங்குகிறது. அறை ஒதுக்கும் குலுக்கல் அதற்கு முன்பே முடிந்துவிடும். குலுக்கலுக்கு முன் செய்தி வந்தால் இருப்பில் உள்ளவரை அந்த அறைக்கு அனுப்பிவிடலாம். பிறகு வந்து விளக்கக் குறிப்பு எழுத நேர்ந்தாலும், காலையில் தகவல் தந்தவர் என்ற பதிவு அந்த மையத்தின் கோப்பில் இருக்கும்.

வணக்கம்.