கிரியேட்டினின் 0.9, ஆனாலும் சிறுநீரில் கசிவு

வணக்கம். இன்று தையல் கடைக்கு விடுமுறை. இயந்திரச் சத்தம் இல்லாமல் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறியையும் நிறுத்திவிட்டேன், அதனால் நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைத்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

போன பதிவில் என் மாத்திரை டப்பாவைக் காட்டியதும் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "கிரியேட்டினின் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு சிறுநீரகத்துக்கு எதற்கு மருந்து?" கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் நானும் மருத்துவரிடம் இதையேதான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. அதற்குப் பதில் சொல்ல என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. கடைசிக் காலத்தில் திடீரென்று சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. 30 யூனிட் இன்சுலின் 18 ஆகி, பிறகு 10 ஆனது. அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் 70, 75 என்றுதான் காட்டும். நோய் விட்டுப்போகிறது என்று அம்மா அம்மன் கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டு வந்தார். உண்மையில் நடந்தது வேறு. நாம் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் ஒரு பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்துவிட்டால் போட்ட ஊசி உடம்பிலேயே நெடுநேரம் தங்கும், சர்க்கரை தானாக இறங்கும். நாங்கள் அர்ச்சனை செய்தது சிறுநீரகம் கைவிட்டதற்கு. எட்டு மாதத்தில் டயாலிசிஸ் ஆரம்பமானது. உங்கள் வீட்டில் நெடுநாள் சர்க்கரைக்காரர் ஒருவருக்குச் சாப்பாடும் மருந்தும் மாறாமல் சர்க்கரை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் சிறுநீரகத்தைப் பாருங்கள்.

கால் வீக்கம், முகம் உப்புவது, பசி போவது, கழிவறையில் நுரை நிற்பது என்று நாம் அறிகுறிகளாகச் சொல்பவற்றில் பெரும்பாலானவை பிந்தி வருபவை. எனக்கு இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. அப்போது எனக்கு 52 வயது, சர்க்கரை வந்து பதினொரு வருடம். வருடா வருடம் கிரியேட்டினின் பார்ப்பேன். 0.8, 0.9 என்று வரும். கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

கிரியேட்டினின் ஒரு சோம்பேறிக் காவல்காரன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சில கெட்டால் மற்றவை அந்த வேலையையும் சேர்த்து இழுத்துச் செய்துவிடும். அதனால் வடிகட்டும் திறனில் பாதி போகும் வரைகூட ரத்தத்தில் கிரியேட்டினின் பார்வைக்குச் சரியாகவே இருக்கலாம், முக்கியமாகத் தசை குறைவாக உள்ள ஒல்லியான பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்.

அதற்கு வெகு முன்பே சிறுநீரில் ஒரு தடயம் தெரிகிறது. அல்புமின் என்பது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். வடிகட்டியின் கண்கள் லேசாகப் பழுதானதும் அது துளித்துளியாகக் கசியும். வழக்கமான சிறுநீர்ப் பட்டைப் பரிசோதனையில் இந்த ஆரம்பக் கசிவு பெரும்பாலும் பிடிபடாது, கசிவு பெருகிய பிறகுதான் அதில் நிறம் மாறும். அதனால் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியது 'சிறுநீர் அல்புமின் கிரியேட்டினின் விகிதம்'. ஆய்வகத்தில் ஏசிஆர் என்றால் புரியும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

இதோ என் தாள், கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். அல்புமின் 14.9, கிரியேட்டினின் 80, இரண்டும் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 186 வரும். அல்புமினை மட்டும் பார்த்தால் என்ன என்று தோன்றும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் சிறுநீர் நீர்த்துவிடும், அல்புமினும் குறைவாகக் காட்டும். கிரியேட்டினினும் அதே அளவு நீர்த்துப்போவதால் விகிதம் ஏமாறாது. 30க்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. 300க்கு மேல் போனால் நிலைமை முற்றிவிட்டது. நான் நடுவில் நின்றேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சிறுநீரகம் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

ஒரே தாளை வைத்து மருத்துவர் முடிவு கட்டவில்லை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, இவற்றாலும் இந்த எண் ஏறும். தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தார். 164 வந்தது. மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்ததில் இரண்டு முறை கூடுதலாக இருந்தால் உறுதி என்பது வழக்கம். கண்ணின் விழித்திரையையும் பார்த்துவரச் சொன்னார். சர்க்கரையால் அங்கே நுண் ரத்தக்குழாய்கள் கெட்டிருந்தால், சிறுநீரகத்துக் கசிவுக்கும் சர்க்கரையே காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். எனக்கு இருந்தது.

ஏன் கசிகிறது என்று அவர் சொன்னதை எங்கள் ஊர் வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன். ஒரு குட்டையில் தண்ணீர் வரும் மதகை முழுக்கத் திறந்துவிட்டு, வெளியேறும் மதகைப் பாதி அடைத்தால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறிக் கரை அரிக்கும். சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது வடிகட்டிக்குள் வரும் ரத்தக்குழாய் விரிந்துவிடுகிறது, வெளியேறும் குழாய் இறுகுகிறது. இந்த ஆரம்பக் கட்டத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டும், அறிக்கையும் அருமையாக இருக்கும். அந்த அருமைதான் ஆபத்து. இதன்மேல் உடம்பின் ரத்த அழுத்தமும் ஏறினால் வாய்க்காலில் வெள்ளம் வந்த மாதிரி. அன்று என் அழுத்தம் 148/92. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாததால் அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே வேலை இரண்டு பக்கமும் நடந்தது. இந்த அளவுகள் எனக்கு எழுதப்பட்டவை, உங்களுடையதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராம் கொடுத்தார். அழுத்தத்தைக் குறைக்க எத்தனையோ மருந்துகள் இருக்க, இந்த வகை வெளியேறும் மதகைத் தளர்த்திவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. அழுத்தத்துக்கு இலக்கு 130/80க்குக் கீழே.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்தபோது என் கிரியேட்டினின் 0.9லிருந்து 1.05 ஆகியிருந்தது. அதாவது வடிகட்டும் திறன் 77லிருந்து 64. எனக்குக் கை நடுங்கியது. எதிர்வீட்டு அக்கா இதே இடத்தில், "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது" என்று நிறுத்திவிட்டார். மருத்துவர் பதறவில்லை. மதகைத் தளர்த்தினால் உள்ளழுத்தம் இறங்கும், அதனால் வடிகட்டுவதும் கொஞ்சம் குறையும், கிரியேட்டினின் முப்பது சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான் என்றார். அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் கூடினாலோ யோசிக்க வேண்டும். எனக்குப் பொட்டாசியம் 4.6, ஒன்றும் பிரச்சினை இல்லை.

பொட்டாசியம் என்றதும் ஞாபகம் வருகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று என் மகன் பாசமாக 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் வாங்கி வந்தான். பின்பக்கம் படித்தால் பொட்டாசியம் குளோரைடு! டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பு தடுமாறும் அளவுக்குப் போகலாம். சாதாரண உப்பையே ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொண்டேன். மாவடுவும் கருவாடும் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சர்க்கரைப் பக்கம், மூன்று மாதச் சராசரி 8.6 இருந்தது. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு நுண் ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் கால்பங்கு குறைந்ததைக் காட்டியது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்ததும் அதே ஆய்வில் நல்ல பலன் தந்தது. எனக்கு மெட்பார்மினோடு டாபாகிளிப்ளோசின் 10 மில்லிகிராம் சேர்த்தார். இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், அது மட்டுமல்ல. வடிகட்டிய சர்க்கரையைச் சிறுநீரகம் திரும்ப இழுக்கும்போது உப்பையும் சேர்த்து இழுக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் உணரிக்கு உப்பு போய்ச் சேராமல், ரத்தம் போதவில்லை என்று நினைத்து அது வரும் மதகை அகலத் திறக்கிறது. இந்த மாத்திரை அந்தத் தவறான செய்தியைத் தடுத்து, வரும் மதகைச் சுருக்குகிறது. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இது பலன் தருவதை 2020இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தொல்லை இல்லாமல் இல்லை. முதல் மாதம் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்து அரிப்பு உயிரை வாங்கியது. வெட்கப்படாமல் சொன்னேன், களிம்பில் சரியானது.

சென்ற ஐப்பசியில் எனக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். சாப்பாடும் தண்ணீரும் வயிற்றில் தங்கும் வரை டெல்மிசார்ட்டான், டாபாகிளிப்ளோசின், மெட்பார்மின் மூன்றையும் நிறுத்தச் சொன்னார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தை மேலும் இறக்கிவிடும், வேறு சிக்கலும் வரலாம். மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தேன். இதைவிடக் கெட்டது முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக். நாள் முழுக்கத் தையல் மிதிக்கிற கால், வலிக்காமல் இருக்குமா? இப்போது ஒத்தடமும் தேவைப்பட்டால் பாராசிட்டமாலும்தான்.

இது போன வாரத் தாள். ஏசிஆர் 58. மூன்று மாதச் சராசரி 7.1. கிரியேட்டினின் 1.0, வடிகட்டும் திறன் 67. "இன்னும் 77 ஆகவில்லையே" என்று கேட்காதீர்கள். போன வடிகட்டிகள் திரும்பி வராது. அந்த முதல் சரிவுக்குப் பிறகு இரண்டு வருடமாக எண் கீழே போகவில்லை, நாங்கள் பார்ப்பது அதைத்தான். கசிவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, மாத்திரையை விடலாமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். மதகிலிருந்து கையை எடுத்தால் பழையபடி திரும்பிக்கொள்ளும் என்றார் மருத்துவர்.

நேற்று அப்பாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். டயாலிசிஸுக்கு ஏழு வருடம் முந்தைய தாள் ஒன்று, ஓரம் மஞ்சளாகிவிட்டது. கிரியேட்டினின் 1.1, அதைப் பேனாவால் வட்டமிட்டு 'நார்மல்' என்று நானே எழுதியிருக்கிறேன். அதற்கு நான்கு வரி கீழே, சிறுநீர் அல்புமின் என்ற இடத்தில் ஒரே ஒரு கூட்டல் குறி. அதன் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.