9 அங்குலச் சுவரில் புதிய வாசல்: முட்டுகளை எப்போது எடுப்பது?

கேள்வி: ஐயா, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள 9 அங்குலச் செங்கல் சுவரில் வாசல் வைக்க வேண்டும். பழைய வீடு, தூண்கள் கிடையாது, மேலே மொட்டை மாடி மட்டும்தான். "மூன்றரை அடி உடைத்தால் ஒன்றும் ஆகாது, முட்டு எல்லாம் வேண்டாம்" என்கிறார் கொத்தனார். அது சரியா?

சரியல்ல. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதிலும் ஓர் அனுபவ உண்மை இருக்கிறது. செங்கல் சுவரில் ஒரு துளை போட்டால், மேலே உள்ள கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரு வளைவு போல நின்றுகொள்ளும். துளைக்கு மேல் முக்கோண வடிவத்தில் இருக்கும் கட்டு மட்டுமே, வாசலுக்கு மேல் குறுக்காக வைக்கும் லிண்டல்மீது உட்காரும். மூன்றரை அடி அகலத்துக்கு அந்த முக்கோணத்தின் உயரம் ஏறக்குறைய 3 அடி, எடை 200 கிலோவைச் சற்றே தாண்டும். சுவர் அதற்குமேல் இன்னும் உயர்ந்து சென்றால் அவர் சொல்வது ஓரளவு பொருந்தும்.

உங்கள் வீட்டில் கணக்கு வேறு. வாசல் 7 அடி, லிண்டல் முக்கால் அடி, தளம் 10 அடியில் என்று வைத்துக்கொண்டால், லிண்டலுக்கு மேல் மிஞ்சும் சுவர் இரண்டேகால் அடிதான். முக்கோணம் முழுமையாக அமைவதற்குள் கான்கிரீட் தளம் வந்துவிடுகிறது, ஆகவே தளத்தின் பாரமும் லிண்டலுக்கு வருகிறது. இருபுறமும் 10 அடி அறைகள், 5 அங்குலத் தளம், மேலே தட்டோடு பதித்த பூச்சு, தளக் கம்பிகள் இந்தச் சுவர்மீது வந்து அமர்கின்றன என்றால், அந்த மூன்றரை அடிக்கு மட்டும் சுமார் 2 டன் வரும். வாசல் திறந்திருக்கும் நாள்களில் அந்த 2 டன்னை யார் தாங்குவது என்பதற்குத்தான் முட்டு.

தொடங்குமுன் ஒன்றைப் பாருங்கள். வாசல் வரும் இடத்தில் 7 அடி உயரத்தில் பூச்சைச் சிறிது தட்டிப் பார்த்தால், சில வீடுகளில் லிண்டல் மட்டக் கான்கிரீட் சுவர் முழுவதும் ஓடுவது தெரியும். அப்படி இருந்தால், உள்ளே உள்ள கம்பியைப் பொறியாளர் பார்த்த பிறகு, அதையே பயன்படுத்த முடியலாம். மாடியில் இதே சுவரின்மேல் இன்னொரு சுவர் நின்றாலும், சுவர் மண் சாந்தில் கட்டியதாக இருந்தாலும், நான் இங்கே சொல்லும் முறை போதாது. சுவரைத் துளைத்துக் குறுக்குக் கட்டைகள் செருகி, இருமுனைகளிலும் முட்டுக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

முட்டு தளத்துக்கு அடியில், சுவரின் இரண்டு பக்கமும், சுவரிலிருந்து 2 அடி தள்ளி நிற்கட்டும். அதற்கு நெருக்கமாக வைத்தால் ஆள் நின்று வேலை செய்ய முடியாது. பக்கத்துக்கு மூன்று இரும்பு ஜாக்கிகள், அவற்றின் தலையில் ஒரு கனமான பலகை, அடியில் தரை ஓடு உடையாமல் பாரத்தைப் பரப்ப இன்னொரு பலகை. வாசலின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் ஓர் அடியாவது அந்தப் பலகைகள் நீள வேண்டும். ஜாக்கியைக் கையால் இறுக்கி, அதன்பின் சற்றே ஒரு திருகு கொடுத்தால் போதும். பலத்தைக் காட்டித் தளத்தை மேலே தூக்கினால் தளத்திலேயே வெடிப்பு விழும்.

லிண்டலை முன்கூட்டியே தரையில் வார்த்து, குறைந்தது 14 நாள்கள் தண்ணீர் விட்டு வைத்திருக்க வேண்டும். 9 அங்குலச் சுவருக்கு ஒரே துண்டாக வார்க்காமல், நாலரை அங்குல அகலம், 9 அங்குல உயரம், 5 அடி நீளம் கொண்ட இரண்டு துண்டுகளாக வார்ப்பதே நான் கடைப்பிடிக்கும் முறை. இருபுறமும் 9 அங்குலம் சுவரில் உட்கார்வதற்காகவே 5 அடி. ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு 10 மில்லிமீட்டர் கம்பி, மேலே இரண்டு 8 மில்லிமீட்டர், 5 அங்குலத்துக்கு ஒரு வளையம். இந்த 2 டன் கணக்குக்கு இது போதும், உங்கள் அறை பெரிதாக இருந்தால் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வார்த்த அன்றே 'மேல்' என்று ஆணியால் கீறி எழுதிவிடுங்கள். தலைகீழாகத் தூக்கி வைத்தால் கனக்கம்பி மேலே போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு துண்டும் சுமார் 100 கிலோ. நான்கு பேரும் உறுதியான சாரமும் வேண்டும்.

இப்போது ஒரு பக்கத்தில் மட்டும், சுவரின் பாதிக் கனத்துக்கு, லிண்டலைவிட ஓர் அங்குலம் உயரமாகப் பள்ளம் வெட்டுங்கள். மறுபக்கப் பாதிச் சுவர் நின்றுகொண்டிருப்பதால் மேலே உள்ள கற்கள் இறங்காது. இரு முனைகளிலும் சாந்துப் படுக்கை போட்டு, முதல் துண்டை உள்ளே தள்ளி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

மேலே மிஞ்சும் அந்த ஓர் அங்குல இடைவெளியில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. ஒரு வீட்டில் வாசல் முடிந்து முட்டுகளை எடுத்த மூன்றாம் நாள், லிண்டலின் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்ந்த மெல்லிய வெடிப்பு ஒன்று ஏறியிருந்தது. பூச்சைக் கொத்திப் பார்த்தபோது, லிண்டலுக்கும் பழைய கல்லுக்கும் இடையே ஹாக்சா பிளேடு தடையின்றி உள்ளே போனது. கரண்டியில் ஒழுகும் கலவையை வைத்து அடைத்திருந்தார்கள். அது காய்ந்து சுருங்கியதும், லிண்டல் தாங்குவதற்கு முன்பே சுவர் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கிவிட்டது. லிண்டலில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே அங்கே வைக்கும் கலவை 1:3 விகிதத்தில், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் விரலிடையே தண்ணீர் கசியாத கெட்டிப் பதத்தில் இருக்க வேண்டும். சிறிது சிறிதாக வைத்து, மரக்கட்டையால் சுத்தியல் கொண்டு இடித்து இறுக்குங்கள். தட்டும் சத்தம் மொத்தென்பதிலிருந்து கல்லென்று மாறும் வரை இடிக்க வேண்டும். மூன்று நாள் ஆறவிட்டு, அதன்பின் மறுபக்கம் இதையே செய்யுங்கள்.

இரண்டாம் பக்கம் இறுகி ஒரு வாரம் ஆன பிறகுதான் கீழே வாசலை வெட்டுவது. இரு பக்கமும் கட்டிங் மெஷினால் கோடு போட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கல்லாக உளியால் எடுங்கள். சம்மட்டியால் தள்ளினால் பக்கக் கட்டின் சாந்து தளர்ந்துவிடும், அதன்மேல்தான் லிண்டலின் முனைகள் உட்கார்ந்திருக்கின்றன. முட்டுகளை ஒரேயடியாக எடுக்காமல், எல்லா ஜாக்கிகளையும் கால் திருகு தளர்த்தி, ஓர் இரவு விட்டு, லிண்டலுக்கு மேலே இணைப்பின் குறுக்கே முன்பே வைத்த மெல்லிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

பக்கங்களில் ஆடும் அரைக்கற்களை எடுத்துவிட்டுப் புதுக்கல்லை 1:4 கலவையில் வைத்துத் தூக்குக்குண்டுப்படி நேராக்கினால், நிலை தானாக நேராக உட்காரும். பூச்சுக்கு வரும்போது, பழைய பூச்சின் ஓரத்தை நேர்க்கோட்டில் செங்குத்தாக வெட்டிக்கொள்ளுங்கள். மெலிந்து தேயும் ஓரத்தின்மேல் புதுப்பூச்சை இழைத்தால் அது உரிந்துவரும். லிண்டலின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் கோட்டில் இருபுறமும் 6 அங்குலம் வரும்படி கோழி வலை அடித்து, நன்றாக நனைத்துப் பூசி, 7 நாள் தண்ணீர் தெளியுங்கள். வண்ணம் அடிப்பதை அது முழுவதும் உலரும்வரை தள்ளிப் போடுங்கள்.