அறுபத்தோராவது நிமிடத்தில் ஒளிந்திருக்கும் படம்

நண்பர்களே, ஓர் ஆவணப்படத்தின் முதல் வெட்டு 92 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் படகோட்டும் ஒரு பெரியவர். பாலம் வருகிறது, அவர் தொழில் போகிறது. படம் ஆற்றின் அழகில் தொடங்கி, வரலாற்றில் நுழைந்து, பேட்டிகளில் சுற்றிச் சுற்றி வருகிறது. 61ஆவது நிமிடத்தில் ஒரு காட்சி: திறப்பு நாளன்று பெரியவர் பாலத்தில் நடக்கிறார், பாதியில் நிற்கிறார், கீழே தன் படகைப் பார்க்கிறார், அக்கரைக்குப் போகாமல் திரும்பிவிடுகிறார்.

படத்தின் தொடக்கமாக வர வேண்டியது இதுதான். ஆனால் முழுவதையும் தூக்கி முன்னால் வைத்துவிட்டால் மிச்சப் படத்துக்கு என்ன இருக்கும்? அவர் நின்று கீழே பார்ப்பதோடு வெட்டுங்கள். திரும்புவது 61இல் கிடந்த இடத்துக்கே போகட்டும். அங்கே மறுபடியும் நடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், நிற்கும் ஷாட்டில் இரண்டு மூன்று விநாடி போதும், பார்ப்பவருக்கு ஞாபகம் வந்துவிடும். தொடக்கத்துக்கு அடுத்த காட்சி ‘ஏன் நின்றார்?’ என்ற கேள்வியைத் தொட வேண்டும். அதனால் அவர் விடிகாலையில் படகை அவிழ்க்கும் காட்சி. வரலாறு அப்புறம் வரட்டும்.

சரி, இனி திரும்பத் திரும்ப வருவது. மகள், ஆசிரியர், இன்னொரு படகோட்டி, மூவரும் ‘பாலம் வந்ததும் பிழைப்பு போச்சு’ என்கிறார்கள். பேட்டிகளை எழுத்தில் இறக்கி, காட்சிக்கு ஓர் அட்டை போட்டு, ‘இதில் புதிதாக என்ன தெரிகிறது?’ என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். ஒரே வரி இரண்டு அட்டையில் வந்தால் ஒன்று போக வேண்டும். நான் மகளை வைத்துக்கொள்வேன், அவர் வீட்டுக்குள் இருந்து பார்த்தவர். ஆசிரியரிடம் பாலம் கட்டத் தொடங்கிய ஆண்டு மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரியை ஆற்றுக் காட்சிமேல் குரலாகப் போட்டால் முடிந்தது. சிக்கலானது வேறொன்று. பெரியவர் மௌனமாக உட்கார்ந்திருக்கும் நான்கு காட்சிகள். இடம் வேறு, வெளிச்சம் வேறு, ஆனால் சொல்வது ஒன்றுதான். ஒளிப்பதிவாளருக்கு நான்குமே பிடிக்கும். கடைசியாக வருவதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எடுத்துவிடுங்கள், அதற்குத்தான் கனம் சேர்ந்திருக்கும்.

வரிசையை மாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. பாலம் திறந்த பிறகு மகள் சொன்னதை, திறப்பதற்கு முன் சொன்னதுபோல வைத்தால் நடந்ததே மாறிவிடும். பின்னணியும் காட்டிக்கொடுக்கும்: ஒரு காட்சியில் முழுத் தூண், அடுத்ததில் பாதித் தூண்! எந்தக் காட்சி எப்போது எடுத்தது என்று அட்டையிலேயே தேதி போட்டுவிடுங்கள்.

புது வரிசையைக் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். திரையை விட்டு அவர் முகத்தைப் பாருங்கள். கைபேசியை எடுக்கும் நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அநேகமாக அங்கே இன்னொரு இரட்டை அட்டை இருக்கும். பின்னணிக் குரலில் ‘முன்பு பார்த்ததுபோல’ என்ற வரி இருந்தால் அதைத் தேடி எடுத்துவிடுங்கள். முன்பு பார்த்தது இப்போது பின்னால் போயிருக்கும்.