ஸ்நேர்ல வேலை செஞ்ச பட்டன் கிட்டார் கேபினெட்ல ஏன் வேலை செய்யல?

கேள்வி: "சார், ஸ்நேருக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு மைக் வெச்சேன். கீழ் மைக்கோட ஃபேஸ் பட்டனை அமுக்குனதும் சத்தம் நல்லா கனமா வந்துடுச்சு. அதே மாதிரி கிட்டார் கேபினெட்டுக்கும் ரெண்டு மைக் வெச்சேன். ஒண்ணு வலைத்துணிய ஒட்டி, இன்னொண்ணு கொஞ்சம் தள்ளி. இதுல பட்டனை அமுக்குனாலும் ஒல்லியா இருக்கு, அமுக்காட்டியும் ஒல்லியா இருக்கு. ஏன்?"

வணக்கம். இந்தக் கேள்வியப் படிச்சதுலேருந்து மனசு அதுலயே கிடக்கு. "என் ரெக்கார்டிங் சரியில்ல"ன்னு மொத்தமா ஒரு வரி எழுதுறவங்கதான் நிறைய. நீங்க ரெண்டு இடத்துல ஒரே வேலையச் செஞ்சு பாத்து, ஒரு இடத்துல நடந்தது இன்னொரு இடத்துல ஏன் நடக்கலன்னு கேட்டிருக்கீங்க. பதில் பாதி உங்க கேள்விக்குள்ளயே இருக்கு.

நம்ம பழைய வீடியோ பாக்குறவங்களுக்கு நான் ஓயாம சொல்றது ஞாபகம் இருக்கும். அந்தப் பட்டன் அலையத் தலைகீழாத் திருப்பும். அலைய முன்ன பின்ன நகர்த்தாது. பட்டன் மேல ஃபேஸ்னு எழுதியிருந்தாலும் அது செய்யற வேலை பொலாரிட்டி மாத்துறது, அவ்வளவுதான். மேல போறது கீழ போகும், கீழ போறது மேல வரும். நேரத்துல ஒரு துளி கூட மாறாது.

முதல்ல ஸ்நேர். குச்சி மேல் தோல்ல விழுந்ததும் அந்தத் தோல் கீழ இறங்குது, அதாவது மேல் மைக்க விட்டு விலகிப் போகுது. உள்ள இருக்கிற காத்து அமுங்கி, கீழ்த் தோல வெளிய தள்ளுது. அது கீழ் மைக்கப் பாத்து வருது. ஒரே அடியில ஒரு மைக்குக்கு இழுப்பு, இன்னொரு மைக்குக்குத் தள்ளு. ரெண்டு டிராக்கையும் நல்லா ஜூம் பண்ணிப் பாத்தீங்கன்னா, அடி விழுந்த இடத்துல ஒரு கோடு கீழ இறங்கி ஆரம்பிக்கும், இன்னொண்ணு மேல ஏறி ஆரம்பிக்கும். ரெண்டையும் கூட்டுனா ஒண்ண ஒண்ணு தின்னுடும். அதுலயும் ஸ்நேரோட உடம்பு இருக்கிற 200 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதல்ல காணாமப் போகும். மிச்சம் கம்பிச் சலசலப்பு மட்டும் கேக்கும்.

இங்கயும் நேர வித்தியாசம் இருக்கே சார்னு ஒருத்தர் கேக்கலாம். இருக்கு. அஞ்சரை இஞ்ச் ஆழமுள்ள ஸ்நேர்னா ரெண்டு தோலுக்கும் நடுவுல ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். சத்தம் அதக் கடக்க 0.4 மில்லி செகண்ட் ஆகும். ஆனா 200 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுத்து வர 5 மில்லி செகண்ட். அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதனால உடம்புச் சத்தத்தப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் சுத்தமா எதிரும் புதிருமா இருக்கு, திருப்பிவிட்டா சேந்துக்குது. உங்க பட்டன் அங்க வேலை செஞ்சதுக்குக் காரணம் இதான்.

இப்ப கேபினெட். ரெண்டு மைக்கும் ஸ்பீக்கருக்கு முன்னாலதான் நிக்குது. கோன் முன்னாடி வந்தா ரெண்டு மைக்குக்கும் தள்ளுதான், பின்னாடி போனா ரெண்டுக்கும் இழுப்புதான். திருப்பறதுக்கு இங்க எதுவுமே இல்ல. இருக்கிற தப்பெல்லாம் தாமதம். பின்னால இருக்கிற மைக்குக்கு அதே சத்தம் கொஞ்சம் லேட்டா வருது.

எவ்வளவு லேட்டுன்னு பாப்போம். நீங்க தூரம் எழுதல, நான் ஒண்ணு வெச்சுக்கறேன். முன் மைக் ஸ்பீக்கர்லேருந்து 3 சென்டிமீட்டர், பின் மைக் 20 சென்டிமீட்டர். வித்தியாசம் 17. சத்தம் ஒரு மில்லி செகண்டுல 34 சென்டிமீட்டர் போகும். இந்த ஒரு கணக்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. அப்ப 17 சென்டிமீட்டருக்கு அரை மில்லி செகண்ட்.

1000 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுத்து வர ஒரு மில்லி செகண்ட். அரை மில்லி செகண்ட் தாமதம்னா சரியா அரைச் சுத்து. முன் மைக் மேல போறப்ப பின் மைக் கீழ போகும். 1000-ல ஒரு குழி விழுந்துடுச்சு. 3000-ல ஒன்றரைச் சுத்து, அங்கயும் குழி. 5000-லயும் அப்படித்தான். நடுவுல 2000, 4000 ரெண்டும் முழுச் சுத்தா வர்றதால கூடும். ஸ்பெக்ட்ரத்த வரைஞ்சு பாத்தா சீப்புப் பல்லு மாதிரி இருக்கும். கிட்டாரோட முகமே அந்த 1000 பக்கம்தான் இருக்கு, அது போயிடுச்சுன்னா ஒல்லியாத்தான் கேக்கும்.

இப்ப பட்டனை அமுக்குங்க. 1000, 3000-ல இருந்த குழியெல்லாம் மேடாகும். ஆனா 2000-லயும் 4000-லயும் புதுசாக் குழி விழும். அதோட பேஸ் போகும். 100 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுத்து 10 மில்லி செகண்ட். அரை மில்லி செகண்ட் தாமதமெல்லாம் அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால பட்டனை அமுக்காம இருந்தப்ப ரெண்டு மைக்லயும் பேஸ் ஒழுங்காச் சேந்துட்டிருந்தது. நீங்க திருப்புனதும் அதுவும் அடிபட்டுப் போச்சு. அமுக்காதப்ப நடு இல்ல, அமுக்குனா அடி இல்ல. ரெண்டும் ஒல்லி. ஆனா ரெண்டு ஒல்லியும் வேற வேற ஒல்லி. அடுத்த தடவ பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக் கேளுங்க, பேஸ் போய்ப் போய் வர்றது தெரியும்.

சரி, எப்படிச் சரி பண்றது? ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே பண்ணுங்க. பின் மைக்க முன்னால கொண்டு வந்து, ரெண்டு மைக்குக்குள்ளயும் சத்தத்தப் பிடிக்கிற கேப்சூல் ஸ்பீக்கர்லேருந்து ஒரே தூரத்துல இருக்கற மாதிரி வைங்க. மைக்கோட மூக்கு இல்ல, கேப்சூல். SM57 மாதிரி டைனமிக்ல அது முனையிலயே இருக்கும். பெரிய கன்டென்சர்ல வலைக்கூண்டுக்கு நடுவுல இருக்கும். வெளிய பாத்து வெச்சா ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏமாந்துடுவீங்க.

மில்லிமீட்டர் சுத்தமா வரணும்னு அவசியமில்ல. 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா முதல் குழி 8500 ஹெர்ட்ஸ் தாண்டி விழும். 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர்ல அங்க பெருசா ஒண்ணும் இல்ல. 5 சென்டிமீட்டர் ஆச்சுன்னா குழி 3400-க்கு வந்துடும். அது நேரா பிக் அட்டாக்க வெட்டும்.

காதால பிடிக்கிற வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. ஆம்ப்ல கெயின ஏத்தி, யாரும் வாசிக்காம விட்டுடுங்க. ஸ்பீக்கர்ல 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் வருமில்ல, அத ரெண்டு மைக்லயும் ஒரே லெவல்ல, மோனோல, காத நல்லா மூடுற ஹெட்ஃபோன்ல கேளுங்க. ஒரு மைக்கோட பொலாரிட்டியத் திருப்பிடுங்க. இப்ப இன்னொரு ஆள் பின் மைக்க மெதுவா முன்ன பின்ன நகர்த்தட்டும். அந்த இரைச்சல் ஏரோப்ளேன் கடந்து போற மாதிரி சுழலும். எந்த இடத்துல இரைச்சல் ரொம்பச் சுருங்கி, செத்துப்போன மாதிரி ஆகுதோ, அங்க ஸ்டாண்ட இறுக்கிடுங்க. அப்புறம் பட்டனைப் பழையபடி திருப்பிடுங்க. நல்லா இருக்கிற இடத்தக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், காணாமப் போற இடம் டக்குனு தெரிஞ்சுடும். அதுக்காகத்தான் முதல்ல திருப்பச் சொல்றேன்.

ஏற்கனவே ரெக்கார்ட் ஆயிடுச்சுன்னா டிராக்க நகர்த்துங்க. வித்தியாசத்த சென்டிமீட்டர்ல எடுத்து 1.4-ஆல பெருக்குனா, 48 கிலோஹெர்ட்ஸ்ல எத்தனை சாம்பிள்னு வந்துடும். நம்ம 17-க்கு 24 சாம்பிள். பின் மைக் டிராக்க அந்த அளவு முன்னால இழுங்க. அதுக்கப்புறம் ஜூம் பண்ணி, ஒரு பிக் அடியோட ஆரம்பத்தப் பாருங்க. ரெண்டும் ஒரே பக்கம் கிளம்பி ஒண்ணு லேட்டா இருந்தா நகர்த்தணும். ஒரே நேரத்துல கிளம்பி ஒண்ணு மேல ஒண்ணு கீழ போனா திருப்பணும். கண்ணு அது வரைக்கும்தான். ரெண்டு வேற வேற மைக், அலை அச்சு அசலாப் பொருந்தாது. கடைசியில மோனோல கேட்டுத்தான் முடிவெடுக்கணும்.

பட்டனை வெறும் பழக்கத்துல அமுக்கக் கூடாதுன்னு ஒரு சர்ச் பேண்ட் ரெக்கார்டிங்ல நேர்ல பாத்தேன். டிரம்மருக்கு நல்ல கை. ஸ்நேர் மட்டும் தகர டப்பா மாதிரி கேக்குது. கீழ் மைக்ல பட்டன் அமுக்கித்தான் இருக்கு. ஆளாளுக்கு ஈக்யூ திருகிட்டிருந்தாங்க. நான் பட்டனை எடுத்துவிடச் சொன்னேன், உடம்பு திரும்பி வந்துடுச்சு. கேபிளக் கழட்டிப் பாத்தா ஒரு முனையில 2-ம் பின்னும் 3-ம் பின்னும் மாத்திப் பத்த வெச்சிருக்கு. கேபிளே ஒரு தடவ திருப்பிடுச்சு, பட்டன் ரெண்டாவது தடவ திருப்பிடுச்சு. மிக்சர்ல ஒரு தடவ, கம்ப்யூட்டர்ல ஒரு தடவன்னு அமுக்குனாலும் இதே கதைதான்.

ஸ்நேர்ல இன்னொரு பொறி, கீழ் மைக்குக்குப் போடுற லோ கட். 200 ஹெர்ட்ஸ்ல 24 டிபி சரிவு போட்டா, சாதாரண ஃபில்டர் அந்த 200-லயே அலைய அரைச் சுத்து திருப்பிவிடும். நீங்க பட்டன்ல சரி பண்ணத அது திரும்பக் கெடுத்துடும். ஃபில்டரப் போட்ட பிறகு பட்டனை இன்னொரு தடவ சோதிச்சுப் பாருங்க.

இதெல்லாம் ஆச்சு. ஆனா நீங்க கேக்காத ஒண்ணு எனக்கு இதவிட முக்கியமாப் படுது. ரெண்டு ஃபேடரும் ஏன் ஒரே உயரத்துல இருக்கு? குழி முழு ஆழத்துக்கு விழறது ரெண்டும் சம லெவல்ல இருக்கும்போதுதான். பின் மைக்க 6 டிபி இறக்குனா குழி 6 டிபி ஆழத்தோட நின்னுடும். 10 டிபி இறக்குனா மூணேகால் டிபிதான். அதக் குழின்னு காது சொல்லாது, ஒரு டோன்னுதான் சொல்லும். முன் மைக் ஒண்ணுலயே கிட்டார் முக்கால்வாசி சரியா இருக்கணும். அது குடுக்காத எதையோ பின் மைக் குடுக்கணும், அது என்னன்னு உங்களால சொல்ல முடியணும். முன் மைக் கத்துது, பின்னால ரிப்பன் மைக் வெச்சா மேல் பக்கம் கொஞ்சம் மென்மையாகுதுன்னா, சரி, வைங்க. காரணமே தெரியலன்னா அந்த ஃபேடர முழுசா இறக்கிட்டு, முன் மைக்க கோனோட நடுவுலேருந்து ரெண்டு விரல் வெளிப்பக்கமா நகர்த்திக் கேளுங்க. நீங்க தேடுன சத்தம் பெரும்பாலும் அங்கயே இருக்கும்.

மூணு மீட்டர் தள்ளி ஒரு ரூம் மைக் வெச்சீங்கன்னா, அத மட்டும் இழுத்துக்கிட்டு வந்து ஒட்டாதீங்க. அந்த ஒம்போது மில்லி செகண்ட் தாமதம்தான் ரூமோட அகலம். அதுக்குப் பட்டன் ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாத்து, பேஸ் எதுல நிக்குதோ அத வெச்சுக்கிட்டாப் போதும்.